பார்த்தேன் என்று சொன்னேன்

என் கழுத்தில் சிறிய புற்றுநோய்க் கட்டி ஒன்று இருந்தது. அதை உடனே வெட்டாமல் ஸ்கேன் செய்து கண்காணித்து வரலாம் என்று வைத்திய நிபுணரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது. தவறு செய்தவள் நான். முதல் வருடத்துக்குப் பிறகு ஸ்கேனுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கணவர் கேட்டபோதெல்லாம் "பார்த்தேன், அப்படியே இருக்கு" என்று பொய் சொன்னேன். இந்தப் பொய் பல வருடங்கள் ஓடியது. இதே நோயோடு இதே முடிவின் முன் நிற்கிற யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

கம்பளையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2019 ஜனவரியில் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தோள்பட்டையிலிருந்து கழுத்துக்கு ஏறும் வலிக்காக ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அங்கே எடுத்த கழுத்து ஸ்கேனில் வலிக்கான காரணம் எதுவும் தெரியவில்லை. தைரொயிட்டின் வலது பக்கத்தில் 8 மில்லிமீற்றர் நீளம், 7 அகலம், 6 தடிப்பில் ஒரு கட்டி இருப்பது மட்டும் தெரிந்தது. ஊசி வைத்துச் சோதித்தார்கள். பப்பிலரி வகைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது.

கண்டியில் தைரொயிட்டும் சீனி வருத்தமும் பார்க்கும் விசேட வைத்திய நிபுணர் ஒருவருக்கு நம்பர் போட்டுப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. கழுத்தின் நிணநீர் முடிச்சுகளில் சந்தேகம் எதுவும் இல்லாதபோது, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவான கட்டியை ஊசி வைத்துப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை என்றார். அமெரிக்கத் தைரொயிட் சங்கம் 2015இலேயே அப்படித்தான் வழிகாட்டியிருக்கிறதாம். புற்றுநோய் என்று எழுதியிருக்கிறதே, கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாம் என்கிறாரே என்று கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டை மிக மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த வகைக் கட்டி இருந்தது. 1985இல் வெளியான ஆய்வு அது. அந்த மனிதர்கள் கட்டியோடு வாழ்ந்து, கட்டி இருப்பதே தெரியாமல், வேறு ஏதோ ஒன்றால் இறந்தவர்கள். கழுத்தில் ஸ்கேன் கருவியை வைப்பது சுலபமாகிவிட்ட பிறகு, இந்தத் தூங்கும் கட்டிகள் எல்லா நாட்டிலும் வெளியே வரத் தொடங்கின. தென் கொரியாவில் 2011இல் தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப்போல பதினைந்து மடங்கு. அதனால் இறப்பவர்களின் வீதமோ மாறவேயில்லை. இலங்கையிலும் 2001க்கும் 2010க்கும் இடையில் கண்டறியப்பட்ட வீதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இன்று நம் நாட்டுப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது தைரொயிட் புற்றுநோய்தான்.

பிறகு அவர் ஜப்பானைப் பற்றிச் சொன்னார். கோபே நகரிலுள்ள குமா வைத்தியசாலையில் டொக்டர் அகிரா மியாவுச்சி 1993இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு சென்ரிமீற்றர் வரையான, ஆபத்துக் குறைந்த கட்டிகளை வெட்டாமல் வைத்துப் பார்ப்போம், வளர்கிறவற்றை மட்டும் வெட்டுவோம் என்றார். அப்படிப் பார்க்கப்பட்ட 1,235 பேரின் விவரம் 2014இல் வெளியானது. பத்து வருட முடிவில் 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை நூற்றுக்கு எட்டு. நிணநீர் முடிச்சுக்குப் பரவியவை நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இந்தப் புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. வளர்ந்த பிறகு சத்திரசிகிச்சை செய்தவர்களும் நலமாகவே இருந்தார்கள்.

"எல்லாருக்கும் இது சரிவராது, டீச்சர். மூன்று விசயம் பார்க்கணும்" என்றார்.

முதலாவது கட்டி. என்னுடையது சுற்றிலும் நல்ல இழையம் சூழ, சுரப்பியின் நடுவே இருந்தது. மூச்சுக்குழாயில் ஒட்டவில்லை. சுரப்பியின் பின்புற ஓரத்தில், குரல் நரம்பு போகிற பக்கத்தில் இல்லை. நிணநீர் முடிச்சுகள் சுத்தமாக இருந்தன. இரண்டாவது வைத்தியர்கள். ஒவ்வொரு முறையும் கவனமாக அளந்து, முந்திய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாவது நோயாளி. இவர் சொன்ன திகதிக்கு வருவாரா, கழுத்தில் கட்டி இருக்கிறது என்ற நினைப்போடு வாழ முடியுமா, வளர்ந்தால் சத்திரசிகிச்சைக்கு ஒத்துக்கொள்வாரா?

"டீச்சர் வருவீங்கதானே?"

"கட்டாயம் வருவேன், டொக்டர்."

என் முதல் தவறு இந்தப் பதில். யோசித்துச் சொன்ன பதிலில்லை அது. கத்தி வேண்டாம் என்கிற வாய்ப்பு எதிரே இருந்தது. அதைப் பெற்றுக்கொள்ள எந்த வாக்கும் கொடுக்கத் தயாராக இருந்தேன். வைத்தியசாலை வாசனைக்கே வயிறு கலங்குகிறவள் நான். பிள்ளை பெற்ற நாளுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனைக்குக்கூட யாராவது இழுத்துக்கொண்டு போனால்தான் போவேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கட்டி இந்த வழிக்குத் தகுதியாக இருந்தது, வைத்தியரும் தகுதியாக இருந்தார், நான்தான் தகுதியில்லாதவள். அது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும்.

ஏற்பாடு எளிமையானது. முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று. கட்டியை மூன்று பக்கமும் அளக்க வேண்டும், கழுத்தின் இரு புறமும் நிணநீர் முடிச்சுகளைப் பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கையால் செய்வது நல்லது. இருவர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் முன்பின் வரும். ஒரு மில்லிமீற்றர் கூடியதைப் பார்த்துப் பதறாமல், 3 மில்லிமீற்றர் கூடினால்தான் வளர்ச்சி என்று வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான்.

2019 ஜூலையில் போனேன். அதே எட்டு. 2020 ஜனவரியில் போனேன். அதே எட்டு. ஆனால் அந்த ஜனவரியில் நடந்த ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. குளிர்ந்த பசையோடு கழுத்தில் ஓடிக்கொண்டிருந்த கருவி ஓரிடத்தில் நின்றது. திரையில் படம் உறைந்தது. இந்த முனையில் ஒரு கூட்டல் குறி, அந்த முனையில் ஒரு கூட்டல் குறி, நடுவே புள்ளிக்கோடு. அளக்கிறவர் பேசவில்லை. மறுபடி அளந்தார். நேரம் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் அந்த மௌனத்தில் என் கைகால் சில்லிட்டுப்போயின. ஒன்றுமில்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. இதே மாதிரி இன்னும் எத்தனை முறை என்றுதான் மனம் கேட்டது.

மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தது. எல்லாரும் அடைபட்டுக் கிடந்தபோது எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல். ஜூலையில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது, என் திகதியும் வந்தது. பைலை எடுத்துக்கொண்டு கம்பளையில் பஸ் ஏறினேன். கெலிஓயா தாண்டி, பேராதனை தாண்டி, கண்டியில் இறங்கினேன். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வரை நடந்தேன். பாதையைக் கடக்கவில்லை. ஒரு கடையில் ஏறி, தேவையில்லாத ஒரு மேசைவிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் கணவர் தேத்தண்ணி ஊற்றிவைத்துக் காத்திருந்தார். "என்னா சொன்னாங்க?"

"அப்படியே இருக்குதாம்."

அவர் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு பொய் சொல்வது சுலபமாகிவிட்டது. அடுத்த வருடம் மறுபடி கொவிட். 2022இல் நாட்டில் பெற்றோல் இல்லை, வரிசையில் நின்றவர்களுக்கே கிடைக்கவில்லை. இவையெல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் என்னைத் தடுத்தது அவையில்லை. 2023இல் எந்தத் தடையும் இருக்கவில்லை, அப்போதும் நான் போகவில்லை. நாடு பட்ட துன்பத்தை என் பயத்துக்குச் சாட்டாக வைத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எனக்குள் நான் சொல்லிக்கொண்டது கோபேயின் கணக்கைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு வளரவில்லையே! அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதை நினைக்க மறுத்தேன். அந்த 1,235 பேரும் ஸ்கேனுக்கு வந்தவர்கள். வளர்ந்த நூற்றுக்கு எட்டுப் பேரை வளரும்போதே பிடித்ததால்தான் யாரும் இறக்கவில்லை என்று சொல்ல முடிந்தது. பார்க்காமல் விடப்பட்டவர்களைப் பற்றி அந்த ஆய்வு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டது அதன் ஆறுதலை மட்டும்.

இந்த இடைவெளியில் இன்னொரு பிழையும் செய்தேன். எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவருக்கும் இதே வகைச் சிறிய கட்டி என்று தெரிந்தது. என்னிடம் வந்து அழுதார். "என்னைப் பாருங்க, நான் வச்சிக்கிட்டே இருக்கேன், ஒன்னும் ஆகல்ல" என்று தைரியம் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே தெரியாது. அதைவிடப் பெரிய பிழை, அவருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை என்பதை நான் பொருட்படுத்தாதது. மற்ற நோய்களில் இளவயது நமக்குச் சாதகம் என்று நினைப்போம். இந்தக் கட்டியில் அது தலைகீழ். கோபேயில் அறுபது தாண்டியவர்களுக்குத்தான் வளர்ச்சி மிகக் குறைவு, நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் அதிகம். இளையவர்களுக்கு இந்த வழியே கூடாது என்பதில்லை, ஆனால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நல்லவேளை, அவர் என்னை நம்பி இருந்துவிடாமல் தன் வைத்தியரிடம் ஒழுங்காகப் போய்வந்தார்.

2024இல் கொழும்பிலிருந்து வந்திருந்த மகள் வீட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்தினாள். "அம்மா, இருபதாம் வருசம் ஜனவரியோட முடியுது. மத்த ரிப்போர்ட்டெல்லாம் எங்க?" என்றாள். பாடசாலையில் இருக்கிறது என்று இன்னொரு பொய் சொன்னேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. எழுந்து இருவரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கோபித்தாள். கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் நன்றி சொல்லிக் கும்பிட்டப்பவும் பொய்யா?" ஆம் என்றேன். கட்டியைப் பற்றி யார் சொன்ன எதுவும் என்னை அவ்வளவு வருத்தவில்லை.

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தோம். 12 மில்லிமீற்றர் நீளம், 10 அகலம், 9 தடிப்பு. நிணநீர் முடிச்சுகள் சுத்தம். ஆனால் கட்டியின் பின்முனை சுரப்பியின் பின்புற ஓரத்தை நெருங்கியிருந்தது.

எட்டு பன்னிரண்டானது பெரிதாகத் தோன்றவில்லை. டொக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று அளவையும் பெருக்கி, கிட்டத்தட்டப் பாதியாக்கினால் கட்டியின் கன அளவு வரும். முன்பு 8, 7, 6ஐப் பெருக்கினால் 336. இப்போது 12, 10, 9ஐப் பெருக்கினால் 1,080. நீளத்தில் 4 மில்லிமீற்றர் கூடியதற்குள் கட்டி மும்மடங்குக்கு மேல் பெருத்துவிட்டிருந்தது.

பிறகு கேட்டார்: "இது எப்ப வளர்ந்தது?"

எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இந்த நோயில் நான் தொலைத்தது இதைத்தான். முதல் இரண்டு வருடத்தில் பன்னிரண்டாகி, அதற்குப் பிறகு அசையாமல் இருக்கும் கட்டி ஒன்று. எட்டாகவே கிடந்து, கடைசி ஒரு வருடத்தில் பன்னிரண்டான கட்டி வேறொன்று. முன்னதை இன்னும் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு வைத்தியர் துணியலாம், பின்னதை வெட்டத்தான் வேண்டும். இன்றைய ஒரு படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இடையில் எடுக்காமல் விட்ட படங்கள்தான் அதைச் சொல்லியிருக்கும். ஒரு ஸ்கேன் வெறும் அளவைத்தான் தரும். வேகத்தைத் தெரிந்துகொள்ள வரிசையாகப் பல ஸ்கேன் வேண்டும். வேகம் தெரியாமல் கண்காணிப்பு என்று ஒன்று இல்லை.

டொக்டர் திட்டவில்லை. "இன்னும் மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து, வேகத்தைப் பார்த்தும் முடிவு செய்யலாம். ஆனா டீச்சர் வருவீங்களா?" என்றார்.

இந்த முறை யோசித்தேன். கணவர் பக்கத்தில் இருந்தார். "தெரியாது, டொக்டர். பயத்தில திரும்பவும் வராம விட்டாலும் விடுவேன்" என்றேன். 2019இலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

அப்படியென்றால் வெட்டிவிடுவோம் என்றார். தைரொயிட்டின் வலது பாதியை மட்டும் எடுத்தார்கள். சில வாரம் குரல் கம்மியிருந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதியே சமாளித்தேன், பிறகு குரல் சரியானது. மிஞ்சிய இடது பாதி போதுமான ஹோமோனைச் சுரக்காததால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைரொக்சின் குளிசை. எடுத்த கட்டியைச் சோதித்ததில் பரவல் எதுவும் இல்லை.

"பார்த்தீங்களா, ஒன்னும் ஆகல்லையே" என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. பரவாதது கட்டியின் குணத்தால், என் நடத்தையால் அல்ல. என் கட்டி வளர்ந்த நூற்றில் எட்டுக்குள் விழுந்துவிட்டது, ஆனால் பரவிய நான்குக்குள் விழவில்லை. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பின்புற ஓரத்தை அது இன்னும் நெருங்கியிருந்தால் குரல் நரம்பைக் காப்பாற்றுவது சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடினமாகியிருக்கும். குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான்.

இடது பாதியை வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இப்போது திகதி கணவரிடம் இருக்கிறது. அவர் ஸ்கேன் அறை வாசல் வரை வருகிறார், ரிப்போர்ட்டை அவர்தான் முதலில் வாசிக்கிறார். அவர் என்னை நம்பவில்லை என்று வருந்த எனக்கு உரிமையில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, படம் உறையும்போது இன்றும் கை சில்லிடுகிறது. ஆனால் அந்தப் பயத்தை இப்போது மூன்று பேர் அறிவோம்.

இதே கட்டியோடு இதே கேள்வியை எதிர்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வெட்டாமல் கண்காணிப்பது நல்ல வழி, தேவையில்லாத சத்திரசிகிச்சையிலிருந்து பலரைக் காப்பாற்றுகிற வழி. ஆனால் அதன் மருந்து ஸ்கேன்தான், குளிசையைப்போல அதையும் தவறாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் அளவோடு பத்திரப்படுத்துங்கள். உங்கள் திகதி வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். டொக்டர் "வருவீங்கதானே?" என்று கேட்கும்போது அதை உபசாரக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டியின் அளவைப்போல அதுவும் ஒரு பரிசோதனை, அதற்கு உண்மையான விடையை நீங்கள் மட்டுமே தர முடியும். வரமாட்டேன் என்று தோன்றினால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவருக்கும் சிகிச்சை இருக்கிறது, சத்திரசிகிச்சை என்று அதற்குப் பெயர். அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.